ஆள் தேவை: பதின்பருவத்தினரிடம் புகையிலையைப் பற்றிப் பேசும் ஒரு வரி

கேரளத் திரையரங்குகளுக்குச் சென்று பழகியவர்களுக்கு இரண்டு வாக்கியங்கள் மனப்பாடம். ஒன்று, நுரையீரல் ஸ்பாஞ்சு போன்றது என்பது. மற்றொன்று, 'ஈ நகரத்தினிதெந்து பற்றி', அதாவது இந்த நகரத்திற்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி. புகையிலைக் காட்சிகள் உள்ள படங்களுக்கு முன்பும் இடைவேளையிலும் நலவாழ்வுக் குறும்படம் காட்டப்பட வேண்டும் என்ற விதி 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாக இவ்வாக்கியங்கள் மலையாளிகளின் காதில் ஆயிரம் முறை விழுந்தன. முதலாவதற்குக் குரல் கொடுத்தவர் தில்லி வானொலியில் மலையாளச் செய்தி வாசித்த கோபன். இரண்டாவதன் தெலுங்கு வடிவம் 2018இல் ஒரு நகைச்சுவைப் படத்தின் தலைப்பாகவே ஆகிவிட்டது.

இவ்வளவு பரவலாக நினைவில் தங்கிய சமூக விளம்பரம் வேறு இருக்குமா என்பது ஐயமே. ஆனால் எப்படித் தங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் அதைக் கோபனின் குரலில் சொல்லிச் சிரிக்கிறார்கள். யாராவது தாமதமாக வந்தால், மின்சாரம் போனால், 'ஈ நகரத்தினிதெந்து பற்றி'. வரி பிழைத்துக்கொண்டது, புகையிலை அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. நினைவில் நிற்பதும் உள்ளே செல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு வாக்கியத்தை 'அறிவுரை' என்று இனங்காணப் பொருள் வரை செல்வதில்லை. இலக்கண வடிவமே போதும். 'பிடிக்காதே' என்ற எதிர்மறை ஏவலும் 'கூடாது' என்ற விலக்கும் வெளிப்படையானவை. 'தம்பி' என்று அணைத்துக்கொண்டு தொடங்கும் வரியும் அதே வகைதான். அன்பான விளிக்குப் பின்னால் என்ன வரும் என்பது எல்லாத் தம்பிகளுக்கும் தெரியும். சற்று மறைவானது 'ஒழிப்போம்', 'தவிர்ப்போம்' என்ற வடிவம். அது பேசுபவரையும் கேட்பவரையும் ஒரே 'நாம்' என்பதற்குள் அடக்குகிறது. அந்த 'நாம்' கேட்பவரின் சம்மதமின்றி உருவானது. பள்ளிச் சுவரிலும் அரசுச் சுவரிலும் மட்டுமே புழங்கும் அந்தத் தன்மைப் பன்மையை எந்த மாணவனும் தன் நண்பனிடம் பயன்படுத்துவதில்லை. ஒருவருடைய தெரிவுரிமை பறிக்கப்படுவதாகத் தோன்றினால், விலக்கப்பட்ட பொருளின் மீதே ஈர்ப்பு கூடும் என்று உளவியலாளர் ஜாக் பிரேம் 1966இல் விளக்கினார். இலக்கண வடிவங்கள் அந்த உணர்வை எழுப்பும் மிக மலிவான கருவிகள்.

இதை நன்கு அறிந்தவர்கள் சிகரெட் நிறுவனத்தார் என்று நம்ப இடமுண்டு. 1998இல் பிலிப் மோரிஸ் நிறுவனம் அமெரிக்க இளையோருக்காக ஒரு புகைத்தடுப்பு இயக்கத்தைத் தொடங்கியது. 'சிந்தியுங்கள், புகைக்காதீர்கள்' என்பது அதன் வரி: இரண்டு ஏவல்கள், ஒன்று எதிர்மறை. அடுத்து லாரிலார்ட் நிறுவனம், பதின்பருவத்தில் இருந்தால் புகையிலை கிறுக்குத்தனம் என்ற பொருளில் ஒரு வரியை வெளியிட்டது. இந்த இரண்டாவது வரியின் 'இருந்தால்' என்ற நிபந்தனையில்தான் நுட்பம் இருக்கிறது. பதின்பருவம் கடந்தால் அது கிறுக்குத்தனமல்ல என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது. விரைவில் பெரியவராகத் துடிக்கும் ஒரு பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த அழைப்பு எது?

அதே 1998இல் புளோரிடா மாநிலம், புகையிலை நிறுவனங்களிடமிருந்து வழக்கின் வழியாகப் பெற்ற பணத்தில், 'உண்மை' என்ற பெயரில் வேறொரு இயக்கத்தைத் தொடங்கியது. அதன் வடிவமைப்பில் பதின்பருவத்தினரே பங்கெடுத்தனர். விளம்பரங்களில் பிள்ளைகளுக்கு ஏவல் எதுவும் இல்லை; ஏவலும் கேள்வியும் மறுபக்கம் திரும்பின. இளைஞர்கள் விளம்பர நிறுவனத்திற்குத் தொலைபேசியில் அழைத்து, சங்கடமான கேள்விகளை மிகப் பணிவாகக் கேட்டனர். கெட்டுப்போன நுரையீரல் எங்கும் காட்டப்படவில்லை. இரண்டு ஆண்டுகளில் அம்மாநில நடுநிலைப் பள்ளி மாணவர்களிடையே சிகரெட் பழக்கம் 18.5 விழுக்காட்டிலிருந்து 11.1 ஆகவும், உயர்நிலைப் பள்ளியில் 27.4இலிருந்து 22.6 ஆகவும் குறைந்தது. அக்காலத்தில் விலை உயர்வு போன்ற பிற காரணிகளும் இருந்தன என்பதால் முழுப் புகழையும் விளம்பரத்திற்குத் தர இயலாது. ஆயினும் 2002இல் வெளியான ஓர் ஆய்வு, நாடு தழுவிய நிலையில் இரண்டு இயக்கங்களையும் ஒப்பிட்டது. 'உண்மை' விளம்பரங்களைப் பார்த்தவர்களிடம் புகையிலை எதிர்ப்பு மனப்பான்மை கூடியிருந்தது. பிலிப் மோரிஸ் விளம்பரங்களைப் பார்த்தவர்களோ புகைக்கும் எண்ணத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் தந்தனர்.

அறிவுரை வேண்டாம் என்றால் அச்சுறுத்தலாமே என்று தோன்றலாம். இந்தியாவில் 2016 முதல் சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை எச்சரிக்கைப் படம் நிறைக்கிறது. ஆனால் பள்ளி மாணவன் பெட்டி வாங்குவதில்லை. அவன் வாங்குவது ஒற்றைச் சிகரெட். படம் கடைக்காரரின் கையிலேயே தங்கிவிடுகிறது. மாணவனிடம் வருவது வெள்ளைத்தாள் சுற்றிய ஒரு குச்சி மட்டும். பார்த்தாலும், படத்தில் இருப்பவர் ஐம்பது வயதுக்காரர். அந்த வயதைப் பதினைந்து வயது தன்னுடையதாக எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இப்போது போர்ட் கொச்சிக்கு வரலாம். இங்கு ஒரு வரி எழுத வேண்டுமானால் அது மலையாளத்திலும் நிற்க வேண்டும். தோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் குடும்பங்களின் தமிழிலும் நிற்க வேண்டும். மலையாளத்தில் புகைத்தல் 'புகவலி'. அங்கே 'வலி' என்றால் இழுப்பு. தமிழ்க் காதுக்கு அது வேதனை. இரண்டு மொழிக்கும் நடுவில் வளரும் பிள்ளைக்கு இச்சிலேடை இலவசமாகக் கிடைக்கிறது. கடற்கரையில் சீனவலைகளும் உள்ளன: கல் கட்டிய கயிற்றை நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்தால் வலை எழும்பும். ஆகவே முதலில் தோன்றும் வரி இது: 'இவிடெ மாத்ரம் வலிக்குன்னவர் வலய்க்கு புறத்தாணு'. தமிழில், 'இங்கே மட்டும் இழுப்பவர் வலைக்கு வெளியே.'

அழகான வரிதான்; அதுவே அதன் குறை. ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணி அதைப் படம் பிடித்துச் செல்வார். உள்ளூர்ப் பிள்ளை சிலேடையை அவிழ்த்தபின் அவனுக்குக் கிடைப்பது, 'இழுக்கிறாயே, நீ மாட்டிக்கொண்ட மீன்' என்ற கேலி. ஏவல் போய்விட்டது, ஏளனம் வந்துவிட்டது. மேலும் வலையை வீசியவர் யார் என்பதை வரி சொல்லவே இல்லை. புளோரிடா இயக்கத்தின் விசை முழுதும் அந்த 'யார்' என்பதில்தான் இருந்தது.

அதற்கு விடை நிறுவனங்களின் கோப்புகளிலேயே கிடைக்கிறது. ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டு உள் அறிக்கை ஒன்று, வழக்குகளின் காரணமாகப் பின்னர் பொதுவெளிக்கு வந்தது. பழைய வாடிக்கையாளர் குறையக் குறைய அவர்களின் இடத்தை நிரப்பும் 'மாற்றுப் புகைப்பாளர்' இளையோரிடமிருந்து மட்டுமே கிடைப்பர் என்று அது கணக்கிடுகிறது. அறிக்கை பேசுவது 18 வயதைக் கடந்தவர்களைப் பற்றி என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 18க்குப் பின் புகைக்கத் தொடங்குபவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்ற கணக்கும் அதே அறிக்கையில் உள்ளது.

காலியிடம், அதை நிரப்ப ஆள். இது எல்லாருக்கும் பழகிய ஓர் அறிவிப்பின் மொழி. மட்டாஞ்சேரிக் கடை வாசல்களில் 'ஆளெ ஆவஸ்யமுண்டு' என்று எழுதித் தொங்கும். தமிழில் 'ஆள் தேவை'. அதே எழுத்தில், அதே அளவு அட்டையில், இப்படி எழுதிப் பார்க்கலாம்:

ஆள் தேவை.
இளையோருக்கு முன்னுரிமை. முன் அனுபவம் வேண்டாம்.
பழைய ஆட்கள் குறைந்துவருகிறார்கள்.
– சிகரெட் தொழில்

இதில் ஏவல் இல்லை, விளி இல்லை, 'நாம்' இல்லை. 'தேவை' என்ற சொல்லுக்கு எழுவாயாக நிற்பது படிப்பவரல்லர், தேவைப்படுவது எதிர்த்தரப்புக்கு. இவ்வடிவம் தமிழுக்குக் கூடுதலாகவே உதவுகிறது. மலையாள வினை இடமும் பாலும் காட்டுவதில்லை. 'வலிக்குன்னு' என்றால் நானாகவும் இருக்கலாம், நீயாகவும் அவனாகவும் இருக்கலாம். தமிழில் இழுக்கிறேன், இழுக்கிறாய், இழுக்கிறான் என்று வினைமுற்றே விரல் நீட்டிவிடும். மலையாளத்திலிருந்து பெயர்க்கப்படும் வரிகள் தமிழில் திடீரென்று கண்டிப்பாக ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். 'ஆள் தேவை' என்ற தொடரில் வினைமுற்றே இல்லாததால் அந்த விரல் நீளுவதில்லை.

மூன்றாம் வரியில் 'இறந்துவிட்டார்கள்' என்று எழுதும் ஆசை வரும். அதை எழுதினால் எச்சரிக்கைப் படம் சொல்வடிவில் திரும்பிவிடும், உண்மையும் வளையும். புகையிலையைக் கைவிடாதவர்களில் பாதிப்பேர் வரை அதனால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 'குறைந்துவருகிறார்கள்' என்றால் கைவிட்டவர்களும் அதில் அடங்குவார்கள். ஏன் குறைகிறார்கள் என்ற கேள்வி படிப்பவரிடம் விடப்படுகிறது. தானே கண்டடைந்த விடையை யாரும் அறிவுரை என்று புறந்தள்ளுவதில்லை.

இவ்வரி எல்லா இடத்திலும் செல்லாது. பீடிக்கு முன் அது தடுமாறும். வேலை இழந்த பீடித் தொழிலாளர்களுக்காக 1969இல் கண்ணூரில் உருவான தினேஷ் பீடி ஒரு கூட்டுறவு. பலருடைய பாட்டியும் பாட்டனும் அங்கே பீடி சுற்றியவர்கள். 'ஆள் பிடிக்கும் கம்பெனி' என்ற சித்திரம் அவ்வீடுகளில் பொய்யாகவும் அவமதிப்பாகவும் ஒலிக்கும். கடைசி வரியில் 'சிகரெட்' என்று குறுக்கியிருப்பது அதனால்தான்.

வரி உள்ளே சென்றதா என்பதை அறியக் கருத்துக்கணிப்பு தேவையில்லை. ஒரு வாரம் கழித்து, அந்த அட்டையில் என்ன இருந்தது என்று பிள்ளைகளைத் தங்கள் சொற்களில் சொல்லச் சொன்னால் போதும். 'சிகரெட் பிடிக்கக் கூடாதாம்' என்று விடை வந்தால் வரி தோற்றுவிட்டது. அந்த 'ஆம்' பிறர் கூற்றைக் கைபடாமல் எடுத்து வைக்கும் இடுக்கி. மலையாளத்தில் அதே வேலையை 'அத்ரே' செய்யும். 'ஆள் பிடிக்கிறானுங்கடா' என்று வந்தால், எழுவாய் இடம் மாறியிருக்கிறது. 'ஆம்' காணாமல் போயிருக்கிறது.