கடைசியாகத் தூவும் இரைச்சல்

சென்னையில் நான் போயிருந்த மாஸ்டரிங் அறையில் ஒரு கீபோர்டு பாட்டின் கடைசி நொடிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மெல்ல அடங்கும் பியானோ. ஒலியளவை வெகுவாகத் தூக்கிக் கேட்டால், சிடிக்கான 16 பிட் கோப்பில் அந்த வால் கரகரத்துப் பொட்டென்று அறுந்தது. 24 பிட் மூலத்தில் அந்தக் கோளாறு இல்லை.

"டிதர் போட்டேனே அண்ணா" என்றார் உதவியாளர். பொறியாளர் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார். "ஒரு சோதனை பாருங்க சார்."

16 பிட்டில் அலையின் உயரத்தை அளக்க 65,536 படிகள் உண்டு. நடுவில் விழும் அளவை ஏதாவது ஒரு படிக்குத் தள்ளியாக வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது உச்ச அளவுக்கு 100 டெசிபல் கீழே உள்ள ஒரு தொனி. அதன் உயரம் ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குதான். நேரடியாக 16 பிட்டாக மாற்றியதும் எல்லாம் பூஜ்யமாகிவிட்டது. 60 டெசிபல் தூக்கியும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து TPDF என்ற டிதர். படிக்குத் தள்ளுவதற்கு முன் ஒவ்வொரு அளவோடும், ஒரு படிக்கு மேலோ கீழோ மிகாத தற்செயலான எண் ஒன்றைச் சேர்க்கிறது. அலை மேலேறும்போது மேல்படியில் விழுபவை கூடுகின்றன, இறங்கும்போது கீழ்ப்படியில். சராசரி அலையோடு போகிறது. இம்முறை உஸ்ஸென்ற இரைச்சலுக்குள் அந்தத் தொனி துல்லியமாகக் கேட்டது. அந்த இரைச்சல் இருப்பது உச்சத்துக்குச் சுமார் 93 டெசிபல் கீழே. சாதாரண ஒலியளவில் யாரும் கேட்கப்போவதில்லை. தொனியோடு ஒட்டி வரும் கரகரப்புக்கு அது எவ்வளவோ மேல்.

பழைய டேப்பிலிருந்து எடுத்த ஒரு பாட்டையும் டிதர் போட்டும் போடாமலும் கேட்டோம். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. "டேப் இரைச்சலே அந்த வேலையைச் செஞ்சிடுது" என்றார். மைக்கில் பதிவான பெரும்பாலான பாட்டுகளுக்கும் இதே கதைதான். கணினிக்குள்ளேயே பிறந்த, பின்னணி இரைச்சலே இல்லாத ஒலி அடங்கும் இடத்தில்தான் டிதருக்கு உண்மையான வேலை. 24 பிட்டாக ஏற்றுமதி செய்தால் படிகள் இன்னும் 48 டெசிபல் கீழே போய்விடுகின்றன. கருவிகளின் சொந்த இரைச்சலே அதைவிட அதிகம்.

கீபோர்டு பாட்டின் கோளாறு வேலைகளைச் செய்த வரிசையில் இருந்தது. உதவியாளர் முதலில் டிதர் போட்டு 16 பிட்டாக்கிவிட்டார். ஃபேட்-அவுட்டை அந்தக் கோப்பில் பிறகு செய்திருக்கிறார். அளவைக் குறைக்கும்போது தூவிய இரைச்சலும் சேர்ந்து குறைந்து, எண்கள் மறுபடி பின்னமாகி, இம்முறை டிதர் இல்லாமல் வெட்டுப்பட்டன.

24 பிட் மூலத்துக்கே திரும்பி, முதலில் 44.1 கிலோஹெர்ட்ஸாக மாற்றி, பிறகு ஒலியளவு, ஃபேட், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரே ஒரு முறை டிதர். கரகரப்பு போயிற்று. அந்தக் கோப்பு சிடிக்கு மட்டும். எம்பி3 எடுக்க உதவியாளர் அதையே இழுக்கப் போனார். "அதுக்கு 24 பிட்டையே குடுடா" என்று பொறியாளர் தடுத்துவிட்டார்.