விடிந்தால் வெள்ளி

ஜனவரி 4, 2026. ஞாயிறு. மார்கழி 20.

தம்பி மகளின் விவாகப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தடவிய நான்கு மூலைகளும், பெரியோர்களின் பெயர்களும், மூன்று தலைமுறையின் உத்தியோகங்களும் குறைவின்றி அமைந்த அந்தப் பத்திரிகையைக் கைபேசியில் படம் பிடித்துக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் போட்டு அரைமணி நேரம் ஆவதற்குள், நாற்பது வாழ்த்துக்களும், அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வினாவும் வந்து சேர்ந்தன. வினாவைக் கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர். "பிப்ரவரி 20ஆம் தேதி கல்யாணம் என்றால், 20ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினால் போதும் அல்லவா, அத்தான்?"

போதாது. முகூர்த்தம் காலை 4.30க்கு மேல் 6.00க்குள். ஒன்பது மணிக்கு வருகிறவர் பந்திக்குத்தான் வருவார். அதுவும் இரண்டாம் பந்திக்கு. பத்திரிகையில் நேரம் தெளிவாகத்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் பத்திரிகை என்பது உள்ளூராரை உத்தேசித்து எழுதப்படுவது. முதல்நாள் மாலையே மாப்பிள்ளை அழைப்புக்கு வந்துவிடும் வழக்கம் அறிந்தவர்களுக்கு அதில் சொல்லாமல் விட்டதெல்லாம் தானே விளங்கும். கடலுக்கு அப்பால் டிக்கெட்டு வாங்குகிறவருக்கு விளங்காது. ஆகவே பிரயாணிகளுக்கென்று தனியாக ஓர் அறிவிப்பு எழுத வேண்டும் என்று தம்பி என்னிடம் ஒப்படைத்திருக்கிறான். முப்பத்தைந்து வருஷம் பொன்மலைப் பணிமனையில் குப்பை கொட்டியவனுக்கு நேர அட்டவணை எழுதத் தெரியாமலா போகும் என்பது அவனுடைய எண்ணம்.

ஜனவரி 6, செவ்வாய்.

எழுதத் தொடங்கியதும்தான் விஷயத்தின் சிக்கல் தெரிகிறது. பஞ்சாங்கத்தின் கணக்கில் நாள் சூரியோதயத்தில் பிறக்கிறது; விமான டிக்கெட்டிலும் கைபேசியிலும் அது நள்ளிரவில் பிறக்கிறது; நம்முடைய வாய்ப்பேச்சோ இரண்டையும் ஏற்காமல், படுக்கப் போகும்வரை இன்றைய ராத்திரிதான் என்று சாதிக்கிறது. இந்த மூன்று கணக்கும் ஒன்றோடொன்று மோதும் இடம் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடைப்பட்ட ஐந்தாறு மணி நேரம். நமது முகூர்த்தமும் அதற்குள்தான். அயலகத்திலிருந்து திருச்சிக்கு வரும் விமானங்கள் சிலவும் அதற்குள்தான் இறங்குகின்றன.

இதில் எங்களுக்குப் பழைய அனுபவம் உண்டு. என் மூத்த மகன் கல்யாணத்தின்போது ஒரு குடும்பம் "14ஆம் தேதி இரவு 12.40க்கு வருகிறோம்" என்று செய்தி அனுப்பியிருந்தது. 14ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிஷத்தில் இறங்குகிறார்கள், அதாவது 13ஆம் தேதி ராத்திரி சாப்பாடு முடிந்த கையோடு வண்டி அனுப்ப வேண்டும் என்பதை நான் உணரவில்லை. வண்டிக்காரரிடம் "14 ராத்திரி" என்றே சொல்லிவைத்தேன். இரண்டு குழந்தைகளும் ஆறு பெட்டிகளுமாக அவர்கள் விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஆதலால் இம்முறை தேதியை ஒற்றையாக எழுதுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். "வியாழன் இரவு, விடிந்தால் வெள்ளி" என்று இரு கிழமைகளையும் சேர்த்து எழுதுவது. மணியை ரயில்வே வழக்கப்படி 00.40 என்று இருபத்து நான்கு மணிக் கணக்கில் கேட்பது. 12.40 என்றால் பகலா இரவா என்ற வாதம் எழும், 00.40 என்றால் எழாது.

டொராண்டோவில் இருக்கும் தங்கைக்கு இன்னொரு விபரீதம். நமக்கும் அவர்களுக்கும் இப்போது பத்தரை மணி நேர வித்தியாசம். இங்கே 20ஆம் தேதி 4.30 என்பது அங்கே 19ஆம் தேதி மாலை ஆறு மணி. லண்டனில் 19ஆம் தேதி இரவு பதினொன்று; சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 20ஆம் தேதி காலை ஏழு. வர முடியாமல் நேரலையில் பார்ப்பவர்களுக்கு இதை ஊர்வாரியாக எழுதாவிட்டால், அவர்கள் மறுநாள் அலாரம் வைத்து எழுந்து, வாழைமரத்தை அவிழ்க்கும் காட்சியைத்தான் காண்பார்கள்.

ஜனவரி 8, வியாழன்.

இன்று ஊர்ப் பெயரோடு போராட்டம். மண்டபம் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி, எடமலைப்பட்டி புதூரிலேயே இருக்கிறது. நாங்கள் அதைப் "புதூர்" என்றே சொல்லிப் பழகியவர்கள். திருச்சியிலோ அரசு மருத்துவமனைப் பக்கம் புத்தூர் என்று இன்னொன்று, நால் ரோட்டோடு பிரசித்தமாக இருக்கிறது. தமிழில் ஒரு மெய்யெழுத்துத்தான் பேதம். ஆங்கில எழுத்தில் அவரவர் மனம்போனபடி எழுதுவதால் அந்தப் பேதமும் அழிந்துபோகிறது. Puthur என்று தட்டச்சு செய்து தேடினால் வரைபடம் அழைத்துக்கொண்டு போகிற இடம் நால் ரோடாகவே இருக்கும். ஆகவே முழுப் பெயரை வண்டி ஓட்டுநர் வாசிக்கும் வடிவில் ஆங்கில எழுத்திலும், வரைபடக் குறியைத் தெருவின் மேல் வைக்காமல் மண்டபத்தின் வாசலிலேயே வைத்தும் அனுப்ப வேண்டும். குறியை வீட்டில் உட்கார்ந்து வைக்கக் கூடாது. வாசலில் நின்று வைக்க வேண்டும். நான் முதலில் வீட்டிலிருந்து வைத்த குறி மண்டபத்தின் பின்புறச் சந்தில், சமையற்கட்டுக்கு விறகு இறக்கும் இடத்தில் விழுந்திருந்தது.

பல வருஷம் கழித்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டுவிட்டதால், வெளியூர்ப் பேருந்தில் வருகிறவர் பழைய ஞாபகத்தில் மத்தியப் பேருந்து நிலையத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கலாகாது. பஞ்சப்பூர் எங்கள் பக்கம்தான்; இறங்கினால் அவர்களுக்கே சௌகரியம்.

ஜனவரி 11, ஞாயிறு.

மைத்துனரின் மருமகள் சீனப் பெண், சிங்கப்பூர்ப் பிரஜை. அவளுக்கு விசா வேண்டும். உறவினரைக் காண வருவது சுற்றுலா மின்விசாவில் அடங்குகிறது. திருச்சி விமான நிலையம் அந்த விசாவை ஏற்கும் நிலையங்களுள் ஒன்று. இதில் தவறு நேரும் இடம் எது என்றால், முப்பது நாள் விசாவுக்கு வருகைக்கு முப்பது நாள் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க இயலும். அவள் பிப்ரவரி 18 இறங்குவதாக இருந்தால், ஜனவரி 19க்கு முன் அந்தக் கதவு திறக்காது. ஓராண்டு விசா என்றால் 120 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு வருகைக்கு நான்கு நாள் முன்பு; ஆனால் அதுவரை காத்திருப்பது அறிவீனம். விண்ணப்பிக்க வேண்டிய இடம் indianvisaonline.gov.in ஒன்றே. அதே ஜாடையில் பெயர் வைத்துக்கொண்டு பணம் பறிக்கும் தளங்கள் பல உண்டாதலால், இந்த முகவரியை நானே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து அனுப்புகிறேன். தேடிக் கண்டுபிடித்துக்கொள் என்று சொல்வது குழியைக் காட்டாமல் வழி சொல்வதற்கு ஒப்பாகும்.

தங்கை மகன் டொராண்டோவிலிருந்து சென்னை வழியாக வருகிறான். முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே குடிநுழைவும் சுங்கமும் முடிந்துவிடும். பெட்டிகளைச் சென்னையிலேயே எடுத்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் இணைப்பு விமானம் வாங்கியிருந்தான், மாற்றச் சொல்லிவிட்டேன்.

நகையைப் பற்றி ஒரு வரி. ஓராண்டுக்கு மேல் அயலகத்தில் வசித்து வரும் நம்மவர்களில் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று சுங்க விதியில் தங்கத்துக்கு எடை வரம்பு உண்டு. நம் கணக்கில் ஐந்து பவுனும் இரண்டரைப் பவுனும். விதியின் பிற நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவன. ஐயமிருந்தால் சிவப்பு வழியில் சென்று சொல்லிவிடுவதே மரியாதை.

ஜனவரி 14, புதன்.

தங்கும் இடத்தைப் பற்றித் தம்பிக்கும் எனக்கும் தர்க்கம். ஸ்ரீரங்கத்திலேயே அறை எடுத்துவிட்டால் வருகிறவர்களுக்குப் பெருமாள் சேவையும் ஆயிற்று என்பது அவன் கட்சி. அங்கிருந்து மண்டபத்துக்குக் காவிரிப் பாலத்தைக் கடந்து, நகரத்தைக் குறுக்கே தாண்டி வர வேண்டும். விடியற்காலை மூன்றரைக்கு அது பெரிய தூரமில்லை. முதல்நாள் மாலை வரவேற்புக்குப் பட்டுப்புடவையோடு புறப்படுகிறவர்களுக்குப் பெருந்தூரம். ஆகவே கல்யாணம் முடியும்வரை ஜங்ஷன் பக்கம், பிறகு வேண்டுவோர் ஸ்ரீரங்கம் என்று என் கட்சியே நிலைத்தது. மைத்துனரின் மருமகளுக்கு ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும்: இந்துக்கள் அல்லாதார் மூலஸ்தானம் வரை செல்வதற்கில்லை. ராஜகோபுரமும், ஜனங்கள் குடியிருக்கும் வீதிகளும், வெளிப் பிரகாரங்களும் பார்க்கலாம். வாசலில் தடுக்கப்பட்டு அறிவதைக் காட்டிலும், சமையலறையில் அத்தை வாயிலாக அறிவது நோகாது.

ஜனவரி 18, ஞாயிறு.

இன்று காலை அனுப்பினேன். முதலில் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதிப் பார்த்தேன். நீளமானால் கைபேசி பாதியை மடித்து மறைத்துவிடுகிறது, மறைந்ததை ஒருவரும் விரிப்பதில்லை. எனவே விசாவும் நகையும் வேண்டியவர்களுக்குத் தனியே போயின. குழுவுக்கு இவ்வளவே:

"அன்புள்ள பந்துக்களுக்கு. முகூர்த்தம்: வியாழன் (பிப்ரவரி 19) இரவு முடிந்து, விடிந்தால் வெள்ளி (பிப்ரவரி 20), காலை 4.30 – 6.00, இந்திய நேரம். வரவேற்பு: வியாழன் மாலை 6.30. ஆகையால் 18 புதன் அல்லது 19 வியாழன் பகலுக்குள் திருச்சி (TRZ) வந்து சேரவும். இடம்: எடமலைப்பட்டி புதூர், Edamalaipatti Pudur. புத்தூர் அன்று. வாசலின் வரைபடக் குறி கீழே. வண்டி அனுப்ப வேண்டுவோர் எனக்குத் தனியே எழுதுக: விமான எண், இறங்கும் தேதி, 24 மணிக் கணக்கில் நேரம், ஆட்கள், பெட்டிகள். நேரலையில் காண்போருக்கு: டொராண்டோ 19 வியாழன் மாலை 6.00, லண்டன் 19 இரவு 11.00, சிங்கப்பூர், பினாங்கு 20 காலை 7.00."

அனுப்பிய பின் பார்க்கிறேன், மேலே உள்ளபடி 6.30 என்றில்லாமல் வரவேற்பு மணியை 9.30 என்று போட்டிருக்கிறேன். பதினைந்து நிமிஷத்துக்குள் என்றால் திருத்தலாம். நான் கண்டது இருபதாம் நிமிஷம். அந்தச் செய்தியை எல்லோருக்குமாக அழித்து, சரியானதை அனுப்பி, முப்பது நாள் நிலைக்கும்படி குழுவின் தலையில் குத்திவைத்தான் தம்பி மகன். இதற்குள் பினாங்கு அத்தை மகன் பழையதை மூன்று பேருக்கு அனுப்பிவிட்டார். மூவரையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

பிப்ரவரி 20, வெள்ளி. மாசி 8.

திருமாங்கல்யதாரணம் 5.10க்கு. தங்கை அங்கே வியாழக்கிழமை மாலை விளக்கேற்றிவிட்டு, 6.40க்குப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். 00.40 விமானத்துக்குப் புதன் ராத்திரியே வண்டி போயிற்று. ஒன்பதரை என்று நம்பி வரவேற்புக்கு வந்தவர் ஒருவர் உண்டு. அவரை யார் அழைத்தார்கள் என்று இன்னும் தெரியவில்லை.