கூட்டுக் குரலை நம்பியவன்

வார இறுதிகளில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கி ஐந்து ஆண்டாகிறது. அதற்காகப் பள்ளியில் ஒரு படம் எடுத்தோம். படத்தின் கீழே போட நாலு வரி எழுதித் தரும்படி தலைமை ஆசிரியை கேட்டார். "சொல்லிக்கொடுத்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம்" என்று எழுதினேன். எழுதிய கையோடு கூச்சமாகிவிட்டது. பார்க்க அடக்கமாக இருந்தாலும், நான் சொல்லிக்கொடுக்காமல் விட்டதை அந்த வரி பத்திரமாக மூடி வைக்கிறது. மூடியதைத் திறந்து எழுதுவதுதான் முறை.

எனக்கு வேலை மைசூரில். பள்ளி நஞ்சன்கூடு பக்கத்து கிராமம் ஒன்றில் இருக்கிறது. ஏழாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி. எட்டாவதுக்குப் பிள்ளைகள் வேறு ஊருக்குப் போகவேண்டும். சனி மதியமும் ஞாயிறு காலையும் நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தேன். பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கம் நடக்கிறதோ அந்தப் பக்கத்தையே நானும் நடத்தினேன். பின்னமும் பரப்பளவும் கரும்பலகையில் ஏறின. "அர்த்தாயித்தா?" என்று கேட்பேன். "ஆயித்து சார்!" என்று அறையே அதிரும். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். முதல் இரண்டு ஆண்டு இப்படித்தான் போனது.

அந்தச் சத்தம் ஐந்தாறு பிள்ளைகளுடையது. மற்றவர்கள் அரை நொடி தாமதித்து அதே சொல்லைச் சொல்லிவிடுவார்கள். ஒரு பிள்ளையைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, "இதைப் படி, இதைப் போடு" என்று நான் கேட்டதே கிடையாது. அப்படிக் கேட்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே படிக்கச் சொல்கிறார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு தாள். நாலு எளிய வாக்கியத்தில் தொடங்குவார்கள். சரளமாக வந்தால் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. வராவிட்டால் ஐந்து சொற்கள், அதில் நாலு சரியாக வரவேண்டும். அதுவும் இல்லையென்றால் எழுத்துகள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். இதைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். கிராமப்புறப் பிள்ளைகளில் பலருக்கு வாசிக்க வரவில்லை என்ற செய்தியைப் பார்த்து நண்பர்களிடம் ஆதங்கப்பட்டும் இருக்கிறேன். என் வகுப்பிலும் அப்படி இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

மூன்றாம் ஆண்டில், பள்ளி ஆசிரியை ஒருவர் சொன்ன பிறகே பிள்ளைகளைத் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். 52இலிருந்து 18ஐக் கழிக்கச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் பாதிக்கு மேல் எழுதிய விடை 46. கவனக்குறைவென்றால் ஆளுக்கொரு விடை வந்திருக்கும். எல்லோருக்கும் ஒரே தப்பு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஒரு சிறுமியிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். "எட்டுல ரெண்டு போனா ஆறு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு" என்றாள். ரெண்டு மேலேதானே இருக்கிறது என்றேன். "பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றாள்.

சொன்னேன். கழித்தலைச் சுருக்கமாகப் புரியவைக்கிறேன் என்று நான் சொன்ன வாக்கியம் அது. முழு எண்ணைப் பற்றிச் சொன்னதை அவர்கள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பொருத்திக்கொண்டார்கள். 58இலிருந்து 12 போன்ற கணக்குகளில் விடை சரியாகவே வந்துவிடும் என்பதால் நோட்டில் எல்லாம் 'சரி' விழுந்தது. 70இலிருந்து 26 என்றால் 56 என்பார்கள். அப்படிப்பட்ட கணக்குகளைத் தப்பு என்று சுழித்துவிட்டு, "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று மறுபடி மறுபடி சொன்னேன். யாரிடமிருந்து எதை வாங்குவது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. 52இல் உள்ள ஐந்துக்கு எத்தனை குச்சி என்று கேட்டபோது அந்தச் சிறுமி ஐந்து குச்சிகளை எடுத்து வைத்தாள். கோளாறு கழித்தலில் இல்லை, அதற்கு அடியில் இடமதிப்பில் இருந்தது.

பிறகு தென்னங்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. எட்டு உதிரி கொடுக்கவேண்டும், கையில் இரண்டுதான். ஒரு கட்டைப் பிரித்தால் நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. அதில் எட்டைக் கொடுத்தால் நாலு உதிரி மிச்சம். ஒரு கட்டையும் கொடுத்தால் மூன்று கட்டு. ஆக 34. சரிபார்க்க 34ஓடு 18ஐக் கூட்டிப் பார்த்தார்கள். சில வாரங்கள் குச்சியோடு மட்டும், பிறகு குச்சியும் எழுத்தும் சேர்ந்து, கடைசியில் எழுத்து மட்டும். குச்சியைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் மறுபடி 46 வந்துவிடுகிறது. அதையும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

வாசிப்பிலும் இதே கதைதான். கன்னடத்தில் கூட்டு மெய் எழுத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், ஒத்தக்ஷரம் என்பார்கள். ஒத்தக்ஷரம் இல்லாத சொற்களைப் பல பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். 'அக்க' என்று வந்தால் 'அக' என்று தாண்டிப் போவார்கள். புள்ளி வைத்த மெய்யில் பழகிய என் கண்ணும் அந்த அடி எழுத்தில் தடுமாறும். அது வெளியே தெரிந்துவிடக்கூடாது என்று, உரக்கப் படிக்கும் வேலையை நன்றாகப் படிப்பவர்களுக்கே கொடுத்து வந்தேன். என் மானத்தைக் காப்பாற்றியதில் யாருக்கு வாசிக்க வரவில்லை என்பதும் மறைந்து போனது.

இதற்கான மருந்து பக்கத்திலேயே இருந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இதே மைசூரு மாவட்டத்தின் எச்.டி.கோட்டே தாலுகாவில் 1995இல் தொடங்கியது 'நலி கலி'. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்து உருவான முறை. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் வேர் ரிஷிவேலிதான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கலந்து உட்காருவார்கள். ஏணிப்படி போல வரிசைப்படுத்திய அட்டைகளில் ஒவ்வொருவரும் தாம் நிற்கும் படியிலிருந்து மேலே போவார்கள். எங்கள் பள்ளி அலமாரியிலும் அந்த அட்டைகள் இருந்தன. அது குழந்தைகள் விளையாட்டு, நான் எடுப்பது கணக்கு என்று அலமாரியைத் திறக்காமல் இருந்தேன். வாரம் முழுக்க அங்கே இருக்கும் ஆசிரியைகளிடம் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேட்டிருந்தாலே போதும். நகரத்திலிருந்து உதவ வந்தவன் என்ற நினைப்பு கேட்கவிடவில்லை.

இப்போது வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கிறோம். சிலர் மேலே போகிறார்கள், சிலர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. அறுவடைக் காலத்தில் பாதிப் பேர் வருவதும் இல்லை.

என்னிடம் முதலில் படித்தவர்கள் ஏழாவது முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் 46 என்று எழுதிக்கொண்டே போனார்கள் என்று என்னிடம் கணக்கு இல்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. அவர்களுடைய இரண்டு ஆண்டு வார இறுதிகளை வாங்கிக்கொண்டு நான் கொடுத்தது ஒரு தப்பு விதி.

நீங்களும் சனி ஞாயிறுகளில் பாடம் சொல்லப் போவதாக இருந்தால், முதல் நாள் எதையும் நடத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள், ஒரு கழித்தல் கொடுங்கள். தப்பு வந்தால் திருத்துவதற்கு முன்னால், எப்படி வந்தது என்று கேளுங்கள்.