மஃரிபுக்கு முந்திய தீனி

நம்ம கிண்ணியா, மூதூர்ப் பக்க வளவுகளில் நாட்டுக்கோழி பகலில் தானே மேய்ந்துகொள்ளும். ஆபத்து இரவில்தான். மரத்தில் அடையும் பேட்டை மரநாய் கொண்டுபோனால் அதன் குஞ்சுகளும் மிஞ்சாது.

நாங்கள் வளர்ப்பது பன்னிரண்டு. காலையில் தீனி வைப்பதில்லை. வயிறு நிறைந்த கோழி கறையானும் புழுவும் தேடிப் போகாது. மஃரிபுக்கு அரை மணி முன், கூட்டுக்குள்ளே மட்டும் வைக்கிறோம். ஒரு கோழிக்கு 40 கிராம் கணக்கில் மொத்தம் அரைக் கிலோ: நெல், குருணல், தவிடு, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு. சில நாளில் அதுகளே வாசலில் வந்து நிற்கும். பிறகு கதவைப் பூட்டினால் போதும்.

அளவு சரியா என்று அறிய, அடைந்தபின் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்து கிடந்தால் கூட்டுங்கள். காலையில் தட்டில் மிச்சம் இருந்தால் குறையுங்கள். முட்டை ஓடு மெலிந்தால் கடற்கரைச் சிப்பியைக் கழுவி இடித்து வையுங்கள்.

கூடு நாலடிக்கு மூன்றடி. மாரி ஈரம் ஏறாமல் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம். தளத்தில் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பாம்பு நுழையும்.

சின்னக் குஞ்சுகளுக்கு இந்த முறை சரிவராது. அதுகளுக்குப் பகல் முழுக்கத் தீனி வேணும்.