குறுக்கே கேட்ட கேள்விகள்

சேந்தமங்கலத்தில் மிளகு விவசாயிகளுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பின் வீடியோவும் அதன் ஸ்லைடுகளும் என்னிடம் வந்தன. பேசியவர் ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர். கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளைக் கொண்டுபோகும் வாடல் நோய்தான் பொருள். 52 நிமிடப் பேச்சு, 38 ஸ்லைடுகள். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கிவந்து வகுப்பில் உட்கார முடியாதவர்களும் அவரவர் போனில், அவரவர் வேகத்தில் படிக்கும்படி அதைப் பாடமாக்கித் தர வேண்டும். பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வீடியோவை அப்படியே இணையத்தில் ஏற்றினால் அது பாடமாகாது. எம்ஐடியின் ஆய்வாளர் பிலிப் குவோவும் அவருடைய குழுவினரும் 2014-இல் எட்எக்ஸ் தளத்தின் லட்சக்கணக்கான வீடியோ பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் ஒரே மூச்சில் பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான் என்று கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஹார்வர்டில் சுபுனார், கான், ஷாக்டர் மூவரும் வேறொன்றைக் காட்டினார்கள். வீடியோ பாடத்தின் நடுநடுவே சிறு தேர்வு வைத்தால் கவனம் சிதறுவது குறைகிறது, பாடமும் கூடுதலாக மனதில் நிற்கிறது. ஆகவே வெட்ட வேண்டும், நடுவில் கேள்வி கேட்க வேண்டும் என்பது வரை தெரிந்ததுதான். எங்கே வெட்டுவது, எதைக் கேட்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

ஸ்லைடுகளின் தலைப்புகளைப் பார்த்து வெட்டலாம் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்தத் தலைப்புகள் பேசுகிறவர் தன் நினைவுக்காக வைத்துக்கொண்டவை. எங்கே குழப்பம் வருகிறது என்று அவை சொல்லா. அதனால் முழுப் பேச்சையும் நேரக் குறிப்புகளோடு எழுத்தாக்கினேன். அப்படி எழுதும்போது வகுப்பில் யாரெல்லாம் குறுக்கிட்டார்கள், எந்த நிமிடத்தில், எதைக் கேட்டார்கள் என்பதைத் தனி வண்ணத்தில் குறித்துக்கொண்டேன்.

பதினேழாவது நிமிடத்தில் ஒருவர் எழுந்து கேட்கிறார்: “ஏனுங்க சார், போன வாரம் கொடி பச்சுன்னு இருந்துச்சு. இந்த வாரம் இலையெல்லாம் கொட்டிப்போச்சு. தண்ணி பத்தாமயா இருக்குமுங்க?” கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்மணி, “மஞ்சளா நிக்குற கொடிக்கும் இதே மருந்துதானுங்களா?” என்கிறார். கலவை தயாரிக்கும் இடத்தில் இன்னொருவர், “சுண்ணாம்பை இதுல ஊத்துனாலும், இதைச் சுண்ணாம்புல ஊத்துனாலும் ஒண்ணுதானே சார்?” என்று கேட்கிறார். எடிட் செய்கிறவர்கள் சத்தம் சரியில்லை என்று முதலில் தூக்கிப்போடுவது இந்தத் துண்டுகளைத்தான். எனக்கோ பாடத்தின் வரைபடமே அவற்றில் கிடைத்தது. எங்கே குறுக்கிட்டார்களோ அங்கேதான் ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கேட்டவர் மனதில் என்ன இருந்ததோ அதுதான் சோதனைக் கேள்விக்கான தவறான விடை.

முதல் குறுக்கீட்டையே எடுத்துக்கொள்வோம். மிளகில் விரைவு வாடல் என்பது ஃபைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வருவது. அதன் வித்துகள் நீரில் நீந்தும். மழைக்காலத்தில் தூரில் தண்ணீர் தேங்கினால் ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடியின் வேருக்குப் போய்விடும். தண்டின் அடி கருத்து அழுகி, இரண்டு மூன்று வாரத்தில் கொடி சாய்ந்துவிடும். வேர்களை நூற்புழுக்கள் தின்பதால் வரும் மெதுவான வாடல் வேறு. அதில் இலை மஞ்சளாகிக் கொடி சிறுகச் சிறுகத் தளரும். மழை நின்று மண் காயும்போதுதான் அது வெளியே தெரியும். இரண்டிலும் கொடி வாடித்தான் நிற்கும். ஆகவே பார்ப்பவருக்குத் தண்ணீர்தான் குறை என்று தோன்றுவது இயல்பு. முதல் வாடலில் அப்படி நினைத்துத் தண்ணீர் விட்டால் நோயைப் பக்கத்துக் கொடிக்கு நாமே கொண்டுபோய் விடுகிறோம்.

இந்தப் பகுதிக்குச் சட்டென்று மனதில் வரும் கேள்வி, ‘விரைவு வாடலை உண்டாக்கும் நுண்ணுயிரி எது?’ என்பது. ஸ்லைடில் இருந்த பெயரைத் திருப்பிச் சொன்னால் மதிப்பெண் கிடைத்துவிடும், தோப்பில் அதனால் ஒரு கொடியும் பிழைக்காது. நான் வைத்த கேள்வி இது: ‘ஆடி மழையில் கொடியின் இலைகள் மளமளவென்று கொட்டுகின்றன. தண்டின் அடி கருத்திருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?’ விடைகள் மூன்று: தண்ணீர் விடுவேன், உரம் வைப்பேன், தேங்கிய நீரை வடிப்பேன். மூன்றையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் எழுதினேன். சரியான விடையை மட்டும் விளக்கமாக எழுதிவிட்டால், படிக்காதவரும் நீளத்தைப் பார்த்தே அதைத் தொட்டுவிடுவார்.

ஒவ்வொரு விடைக்கும் தனித்தனிப் பதில் எழுதுவதுதான் இதில் அதிக உழைப்பு. தண்ணீர் விடுவேன் என்று தொட்டவருக்கு, ‘தவறு’ என்ற ஒரு சொல் போதாது. வித்து நீரில் நீந்திப் பரவுவதை இரண்டு வரியில் சொல்லி, அதைக் காட்டும் படம் வரும் நொடிக்கே வீடியோவைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். மூடில் தளத்தில் H5P என்ற இலவசக் கருவி இதைச் செய்கிறது. வீடியோ குறித்த நொடியில் நிற்கும், கேள்வி வரும், தவறினால் நாம் சொன்ன இடத்துக்குத் திரும்பும். சரியான விடை வராமல் மேலே போக முடியாதபடி பூட்டவும் வழி உண்டு. மருந்தின் அளவு பற்றிய கேள்விக்கு மட்டும் நான் அந்தப் பூட்டைப் போட்டேன். எல்லா இடத்திலும் பூட்டினால் ஏற்கெனவே தெரிந்தவர் சலித்துப்போய்ப் பாதியில் விட்டுவிடுவார்.

இனி ஸ்லைடுகள். வகுப்பின் பின்வரிசையிலிருந்து எடுத்த வீடியோவில் திரையில் இருந்த எழுத்து ஒன்றும் தெரியவில்லை. மூல ஸ்லைடுகளைப் படங்களாக எடுத்து அவர் குரலின் மேல் வைத்தேன். ஸ்லைடில் முழு வாக்கியங்கள் இருந்தன, அவற்றைத்தான் அவர் வாசித்தார். ஒரே வாக்கியத்தைக் காதும் கண்ணும் ஒரே நேரத்தில் உள்வாங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று இடறுகின்றன. அதனால் படத்தையும் இரண்டொரு சொல்லையும் மட்டும் விட்டேன். ‘இங்க பாருங்க’ என்று அவர் சிவப்பு ஒளியைக் காட்டிய இடம் பதிவில் விழவில்லை. ஆகவே கருத்த தண்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைய வேண்டியிருந்தது.

மலையில் சிக்னல் வரும் போகும். பாடத்தைச் செம்மேட்டில் ஒருமுறை இறக்கிக்கொண்டு தோப்பில் பார்க்கும்படி அளவு சிறியதாக இருக்க வேண்டும். மூடில் செயலியில் அப்படி இறக்கி வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அசையாத படம், ஒரே ஆள் குரல் என்பதால் நன்றாகச் சுருங்கும். இரண்டாவது பகுதியை நான் வெட்டியது இப்படி:

```
ffmpeg -ss 00:14:20 -to 00:20:05 -i milagu.mp4 \
  -vf scale=-2:480 -r 12 -c:v libx264 -crf 28 \
  -c:a aac -ac 1 -b:a 48k pakuthi2.mp4
```

இதில் குரல் மட்டும் ஆறு நிமிடத்துக்கு 2 எம்பிக்குச் சற்று மேல்தான் வரும். வேகமாக முடியும் என்று `-c copy` போட்டு வெட்டுவார்கள். அப்போது கேட்ட நொடியில் வெட்டாமல் அதற்கு முன்னுள்ள முழுச் சட்டகத்திலிருந்து தொடங்கும். கேள்விக்கு நாம் குறித்த நொடிகள் எல்லாம் தள்ளிப்போகும். வாக்கியத்தின் நடுவில் கேள்வி வந்து விழுந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

ஓர் இடத்தில் மட்டும் ஸ்லைடும் குரலும் போதவில்லை. விரைவு வாடலுக்கு அடிக்கும் ஒரு சத போர்டோ கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் டிரம்தான். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு துலக்கிய இரும்புக் கத்தியைச் சில நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இலையைக் கருக்கும் செம்பு இன்னும் மிச்சமிருக்கிறது, சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். பதிவில் கத்தி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவரிடமே கேட்டு, போனை டிரம்முக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி எடுத்தோம். செம்பு படிந்த கத்தி, படியாத கத்தி என்று இரண்டு படங்களைக் காட்டி, ‘எந்தக் கலவையை இன்று அடிக்கலாம்?’ என்று கேட்பதே அந்தப் பகுதியின் கேள்வியானது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவரும் இதற்கு விடை சொல்லிவிடுவார்.

வெட்டும்போது மனம் வலித்த இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன். தன் முதல் வேலையில் மலை ஏறிய அனுபவத்தை அவர் ஏழெட்டு நிமிடம் சொல்லியிருந்தார். கேட்கக் கேட்கத் திகட்டாத பேச்சு அது. நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கதைதான் பேசுகிறவர்மேல் நம்பிக்கையைத் தருகிறது. போனில் படிக்கிறவரோ கொடி சாயும் கவலையோடு திறக்கிறார். அதைத் தனி வீடியோவாக, கேள்வி எதுவும் இல்லாமல், பாடத்தின் ஓரத்தில் வைத்தேன். விரும்புகிறவர் பார்க்கட்டும்.

கேள்விகள் முடிந்ததும் இரண்டு சோதனைகள் செய்தேன். வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் கேள்விகளை மட்டும் கொடுத்தேன். பாடம் இல்லாமலே சரியாகச் சொல்லும் கேள்வி பாடத்தைச் சோதிக்கவில்லை, அதை எடுத்துவிட வேண்டும். பிறகு படித்து முடித்தவர்களின் முதல் விடைகளைப் பார்த்தேன். மஞ்சள் கொடி பற்றிய கேள்வியில் பலரும் ஒரே தவறான விடையைத் தொட்டிருந்தார்கள். ஆளுக்கொரு விடை தொட்டிருந்தால் கேள்வியின் வாசகம் புரியவில்லை எனலாம். எல்லோரும் ஒன்றையே தொட்டால் அந்த எண்ணம் பாடத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு கொடிகளையும் அருகருகே காட்டும் படம் ஒன்றைச் சேர்த்தபின் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள்.

இந்தப் பாடத்தால் முடியாததும் உண்டு. ஒருவர் கலக்கிய கலவை உண்மையிலேயே சரியா என்று போனால் சொல்ல முடியாது. ஆகவே கடைசிப் பகுதியில் கேள்விக்குப் பதிலாக ஒரு வேலை இருக்கிறது: சிறு அளவில் கலந்து, கத்தியை முக்கி, பயிற்சிக்கு வரும் அலுவலரிடம் அந்தக் கத்தியைக் காட்ட வேண்டும்.

இனி யார் என்னிடம் பதிவு செய்த வகுப்பைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கூட்டத்துக்கும் ஒரு மைக் வைத்தீர்களா? பேசுகிறவர் சொன்னதை அவருடைய ஸ்லைடிலிருந்தும் குறிப்பிலிருந்தும் மீட்டெடுத்துவிடலாம். அன்று கேட்டவர்கள் எதைப் புரிந்துகொள்ளத் தவித்தார்கள் என்பதை அந்த மைக் இல்லாவிட்டால் எங்கிருந்தும் மீட்க முடியாது.