வடக்கு ஜன்னலும் ஏ2வும்

கண்ணு, நீ பல் டாக்டராகி உட்காரப் போகிற இந்த ஊரில் நிறம் பார்க்கத் தெரியாதவர்கள் குறைவு. காந்தி ரோடு ஜவுளிக்கடைக்குப் போனால், உள்ளே பத்து விளக்கு எரிந்தாலும், விவரம் தெரிந்த அம்மாக்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே ஒன்றாகத் தெரிந்த உடலும் கரையும் வெளியே வந்ததும் இரண்டாகப் பிரியும். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதே பழக்கம் உன் கிளினிக்கிலும் வேண்டும். முன்பல்லுக்கு கிரவுன் போடும்போது ஷேடு தவறினால், அந்த அம்மாள் சிரிக்கும்போதெல்லாம் ஊருக்கே தெரியும். கடைவாய்ப் பல்லில் தவறினால் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொல்வதெல்லாம் முன்பல்லைப் பற்றி.

கல்லூரியில் உனக்கு ஒரு விதி சொல்லியிருப்பார்கள்: வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிக்குள் ஷேடு பார். விதி நல்லதுதான், ஆனால் எங்கே பிறந்தது என்று யோசித்தாயா? வடக்கே தள்ளி இருக்கும் தேசங்களில் சூரியன் நடுப்பகலில் எப்போதும் தெற்குப் பக்கமாகவே நிற்கும். அதனால் அங்கே வடக்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் ஒரே சீராக வரும். ஓவியர்கள் கூடம் கட்டும்போது வடக்கே ஜன்னல் வைத்ததும் அதனால்தான். காஞ்சிபுரமோ பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பித் தெற்கே வரும். அக்னி நட்சத்திரத்திலும் ஆனி ஆடியிலும் காலை வெயில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து உன் வடக்கு ஜன்னலுக்குள்ளேயே விழும். நடுப்பகலில் சன்ஷேடு அதைத் தடுத்துவிடும், காலையிலும் மாலையிலும் தடுக்காது. நேர்வெயில் பட்ட பல் பளீரென்று வெளுத்து, இரண்டு ஷேடுக்கு நடுவே இருக்கும் சின்ன வித்தியாசம் காணாமல் போய்விடும். அதனால் திசையை நம்பாதே. பேஷண்டின் முகத்தில் வெயில் விழுகிறதா, நிழலில் வான வெளிச்சம் விழுகிறதா என்று மட்டும் பார்.

வானத்தை மட்டும் பார்த்தால் போதாது, எதிர்வீட்டையும் பார். உன் ஜன்னலுக்கு எதிரே மஞ்சள் சுவர் இருந்தால், வருகிற வெளிச்சத்தில் பாதி அந்தச் சுவரிலிருந்து வருகிறது. வேப்பமரம் இருந்தால் பச்சை கலந்து வரும். ஜன்னல் கண்ணாடியில் சன்பிலிம் ஒட்டியிருந்தால் இயற்கை வெளிச்சம் என்று பேசுவதற்கே இடமில்லை. அறைச் சுவருக்கு ரோஸ் வேண்டாம், பச்சையும் வேண்டாம். வெளிறிய சாம்பல் அடித்துவிடு. பெயின்ட்காரர் இதென்ன துக்க வீட்டு நிறம் என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனி ஷேடு கைடுக்கு வருவோம். நம் லேப்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது வீட்டா கிளாசிக்கல். பதினாறு வில்லைகள், நான்கு குடும்பங்கள்: ஏ பழுப்பு கலந்த சிவப்புச் சாயல், பி மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பும் சாம்பலும். பெட்டியில் அவை ஏ1, ஏ2 என்று குடும்ப வரிசையில் வரும். வாங்கின அன்றே அதைக் கலைத்துவிடு. வெளுப்பிலிருந்து கருமை வரை, பி1, ஏ1, பி2, டி2, ஏ2, சி1 என்ற வரிசையில் மாற்றி அடுக்கு. தயாரிப்பாளர்களே கொடுத்திருக்கும் வரிசைதான் இது. கடைசியில் சி4 வரும்.

ஏன் கலைக்கச் சொல்கிறேன் என்றால், பல்லில் மூன்று விஷயம் பார்க்கிறோம்: எவ்வளவு வெளுப்பு, எந்தச் சாயல், எவ்வளவு அடர்த்தி. இதில் சாயல் கொஞ்சம் பிசகினால் எதிரே நிற்பவர் கவனிக்க மாட்டார். வெளுப்பு பிசகினால் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் தெரியும். முதலில் வெளுப்பைத்தான் முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வரிசையைப் பல்லருகே நகர்த்திக்கொண்டே போ. கண்ணைச் சுருக்கும்போது நிறம் மங்கி, வெளுப்பும் கருப்பும் மட்டும் மிஞ்சும். எந்த வில்லை பல்லோடு சேர்ந்து மறைந்துபோகிறதோ அதுவும், அதன் இரண்டு பக்கத்து வில்லைகளும் போதும். மற்றதைக் கீழே வைத்துவிடு.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு நெசவுக் குடும்பத்து அம்மாளைச் சொல்கிறேன். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அம்மாளுடைய வலது பக்கத்து மேல் முன்பல் எப்போதோ கீழே விழுந்ததில் அடிபட்டு, வேர் சிகிச்சை செய்து, பிறகு கருத்துப்போயிருந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை நான்கரைக்கு, வளைகாப்பு முடிந்த கையோடு அரக்குப் பட்டில், வாயில் வெற்றிலையோடு வந்தார். இன்றே அளவெடுத்து முடித்துவிடுங்கள் என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு வாருங்கள், பருத்திப் புடவை கட்டி வாருங்கள், வெற்றிலை போடாதீர்கள், உதட்டுச் சாயமும் வேண்டாம் என்று அனுப்பினேன். முகம் வாடிவிட்டது. பல்லுக்கும் புடவைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசலில் கேட்டதும் காதில் விழுந்தது.

சம்பந்தம் உண்டு. அரக்கு நிறம் மார்பை நிறைத்திருந்தால் அதன் சிவப்பு பல்லில் பட்டுத் திரும்பும். அதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணோ பல்லைப் பச்சையாகக் காட்டும். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கும்போது எந்த வில்லையை எடுப்பாய்? பருத்தி கட்டி வந்தாலும் கழுத்துவரை சாம்பல் துணி போர்த்திவிடு.

மறுநாள் காலை முதல் வேலை வெற்றிலைக் கறையைத் தேய்த்து எடுத்ததுதான். பிறகு மருந்து, ஊசி, டிரில் எதையும் தொடாமல் ஷேடு பார்த்தேன். நீ வரிசையை மாற்றிவிடாதே. வாய் திறந்தே இருந்தால் பல் சில நிமிடங்களிலேயே உலரத் தொடங்கும். எனாமலின் நுண்ணிய இடைவெளிகளில் இருந்த நீர் போய்க் காற்று புகும். அப்போது வெளிச்சம் உள்ளே போகாமல் சிதறித் திரும்பும். பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கும். அந்த நிறத்துக்கு கிரவுன் செய்தால், பக்கத்துப் பல் மறுபடி நனைந்து பழைய நிறத்துக்கு வந்ததும் கிரவுன் மட்டும் வெளுத்து நிற்கும். அரைமணி நேரம் காத்திருந்தாலும் சில பற்களுக்கு நிறம் முழுதாகத் திரும்பாது. ஷேடு பார்க்கும்போது பல்லும் வில்லையும் இரண்டுமே ஈரமாக இருக்கட்டும்.

நாற்காலி விளக்கை அணைத்தேன். கருத்த பல்லுக்குப் பக்கத்தில் இருந்த நல்ல முன்பல்தான் நமக்கு அளவு. வில்லையின் வெட்டுமுனையும் பல்லின் வெட்டுமுனையும் எதிரெதிராக, ஒரே தளத்தில் நிற்க வேண்டும். முன்னால் நீட்டிப் பிடித்தால் வில்லை வெளுப்பாகத் தெரியும், உள்ளே தள்ளினால் கருப்பாகத் தெரியும். ஐந்து விநாடிக்கு மேல் பார்க்கவில்லை. கண்ணை எடுத்து சாம்பல் துணியைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். வெறித்துப் பார்க்கப் பார்க்கக் கண் மஞ்சளை மறந்துவிடும், எல்லா வில்லையும் பொருந்துவதாகத் தோன்றும். ஏ1 வெளுப்பு, ஏ3 கருப்பு. நடுவில் டி2வும் ஏ2வும் மிஞ்சின. சாயலைத் தீர்மானிக்கக் கோரைப்பல்லைப் பார்த்தேன். அதில்தான் நிறம் அடர்த்தியாக இருக்கும், குடும்பம் சுலபமாகத் தெரியும். பழுப்புச் சிவப்பு தெரிந்தது. ஆகவே ஏ2.

ஆனால் ஏ2 என்று மட்டும் லேபுக்கு எழுதி அனுப்பினால் அது பாதிச் செய்தி. அந்த அம்மாளின் பல் ஈறோரத்தில் ஏ3, நடுவில் ஏ2, வெட்டுமுனையில் கண்ணாடிபோல் லேசான நீலம். காகிதத்தில் ஒரு பல் வரைந்து மூன்றையும் குறித்தேன். வில்லையைப் பல்லருகே பிடித்து, அதன் எண் தெரியும்படி படம் எடுத்தேன். பல்லைச் சீவிய பிறகு உள்ளே நின்ற அடிப்பல்லின் கருமையையும் தனியாக எடுத்தேன். இதைத்தான் இளையவர்கள் மறக்கிறார்கள். வில்லை தடிமனானது, கிரவுன் ஒன்றரை மில்லிமீட்டர். மெல்லிய கண்ணாடித் தன்மை உள்ள பீங்கானில் கிரவுன் செய்தால், ஷேடு எவ்வளவு சரியாக இருந்தாலும் கருப்பு உள்ளிருந்து சாம்பலாகத் தெரியும். லேபில் பேசி, உள்ளே கருப்பை மறைக்கும் சிர்கோனியா ஓடும் மேலே பீங்கானும் என்று முடிவு செய்தோம். லேபில் உட்கார்ந்து பீங்கான் அடுக்குகிறவர் உன் பேஷண்டைப் பார்த்ததே இல்லை. நீ சொல்லாததை அவர் எப்படிச் செய்வார்?

கிரவுன் வந்ததும் ஒட்டுவதற்கு முன் மூன்று இடத்தில் பார்த்தோம்: ஜன்னலோரம், டியூப்லைட்டுக்குக் கீழ், மஞ்சள் பல்புக்குக் கீழ். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது இன்னொன்றில் பிரியலாம். பல்லும் பீங்கானும் வேறு வேறு பொருள் என்பதால் இதை முழுதாகத் தவிர்க்க முடியாது. பேஷண்டிடம் மறைக்காதே. ஜன்னலோரத்தில் கிரவுன் ஒரு பொட்டு வெளுப்பாக இருந்தது. அது நான் கேட்டு வாங்கிய வெளுப்புதான். இரண்டு வில்லைக்கு நடுவே பல் நின்றால் வெளுத்ததையே கேள். மேலே நிறம் பூசிச் சுட்டுக் கருமையாக்கலாம், கருத்துப்போனதைப் பூச்சால் வெளுக்க வைக்க முடியாது. ஈறோரத்தில் கொஞ்சம் பழுப்பு ஏற்றித் திரும்பச் சுட்டு அனுப்பினார்கள். கண்ணாடியை அந்த அம்மாள் கையில் கொடுத்து வாசலுக்கே அனுப்பினேன். பார்த்து, சரி என்று அவர் சொன்ன பிறகுதான் ஒட்டினேன். கல்யாணப் படத்தில் எது கிரவுன் என்று என்னையே கேட்டார்.

ஐப்பசி கார்த்திகையில் மழை இருட்டாக இருக்கும், அப்போது ஜன்னல் உதவாது. 5500 கெல்வின், நிறம் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள விளக்கு ஒன்று வாங்கி வை. கடையில் வெள்ளை எல்இடி என்று கொடுப்பதெல்லாம் அப்படி இருக்காது, பெட்டியில் எண்ணைப் படித்து வாங்கு.

அப்புறம், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று என் கண்ணை நம்பாதே. வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். பல்லின் மஞ்சள் எனக்குக் குறைவாகத்தான் தெரியும். சில வருஷமாகவே நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டு, என் முடிவைச் சொல்லாமல், எந்த வில்லை என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் லேப் சீட்டில் எழுதுகிறேன். ஆண்களில் சிலருக்கு நிறக்குறைபாடு உண்டு. உன்னோடு வேலைக்குச் சேரும் பையன்களை முதல் வாரமே கண் பரிசோதனைக்கு அனுப்பிவிடு. லேப் சீட்டில் ஷேடு எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்த நேரத்தையும் எழுது.