சேரன்மாதேவிப் பந்தி

தென்காசியில் ரயிலேறித் திருநெல்வேலி போகிற நம்மில் பலர் சேரன்மாதேவி ஸ்டேஷனில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், அக்கா அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரும் வரை.

அக்கா குற்றாலத்தில் கல்லூரி முதலாம் ஆண்டு. சீர்திருத்த இயக்கங்கள் அவளுக்குப் புதுப் பாடம். வகுப்பில் ஒருத்தி, "ரெண்டு பையன் தனியாச் சாப்பிட்டதுக்கா இவ்வளவு கலாட்டா?" என்று கேட்டாளாம். அக்காவுக்குப் பதில் வரவில்லை. கல்யாண வீட்டில் எல்லாப் பந்தியும் முடிகிற வரை வெளியே காத்து நின்றதை எங்க ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் அவள். அதனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

மாமாதான் வழி சொன்னார். "மொத்த வரலாற்றையும் ஒரே மூச்சுல படிக்காதம்மா. ஒரு சம்பவம், ஒரு புத்தகம், அப்படி ஆரம்பி" என்று பழ. அதியமான் எழுதிய 'சேரன்மாதேவி' நூலைக் கொடுத்தார். அந்த ஒரு போராட்டத்துக்கே ஒரு முழுப் புத்தகம்!

வ.வே.சு. ஐயர் 1922-இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி தரும் பள்ளி என்பதால் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர முடிவு செய்து, முதலில் 5,000 கொடுத்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. அவர்களைச் சேர்க்கும்போதே பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி சேருகிறவர்களுக்குச் சமபந்திதான் என்றார் ஐயர். காந்தியும் ஏறக்குறைய அதையே சமரசமாகச் சொன்னார். ஆனால் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா பென்சிலால் கோடு போட்ட இடம் பணம் வந்த இடம்தான் (புத்தகம் மாமாவுடையது, அவர் திட்டவில்லை!). எல்லா சாதிக்காரர்களும் கொடுத்த பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி அது. அங்கே ஒரு இலையைத் தனியாகப் போட்டால் மற்ற பிள்ளைகளுக்கு அது என்ன சொல்லும்? எண்ணிக்கை இரண்டா இருபதா என்பது அப்புறம்தான். கேட்டவளுக்கு இதைத்தான் சொல்லப்போவதாக அக்கா சொன்னாள்.

ஐயரை வில்லனாக்கிவிட்டுப் படிக்கக்கூடாது என்பார் மாமா. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தவர் அவர். அதே நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புவாரி உரிமைக்கான தீர்மானத்தை அங்கே எடுக்க மறுத்ததுதான் உடனடிக் காரணம். குருகுல விவகாரத்தை மட்டும் காரணமாகச் சொல்லும் குறிப்புகளை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

அடுத்து அம்பேத்கரின் 'சாதியை ஒழிக்கும் வழி'. லாகூரில் பேச அழைத்தவர்கள் உரையை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்ததால் கூட்டமே நின்றுபோனது. 1936-இல் அதைத் தானே அச்சிட்டார். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போய்விடாது என்கிறார் அதில். சேரன்மாதேவியைப் படித்த கையோடு இதைப் படித்த அக்கா, பந்தியே போதாது என்கிறாரே என்று மாமாவிடம் இரண்டு நாளாகச் சண்டை போடுகிறாள்.

சண்டை இன்னும் முடியவில்லை. புத்தகம் இப்போது என் கையில்.

— பிளஸ் டூ மாணவி